ஒன்பது விநாடிச் சிரிப்பு: ஒரு காணொளித் துண்டின் ஆய்வு

கூட்டம் நடந்து மூன்று வாரம் கழித்துத்தான் அந்தக் காணொளித் துண்டு என்னிடம் வந்தது. மொத்தம் ஒன்பது விநாடி. இணையவழிக் கூட்டம் ஒன்றின் பதிவிலிருந்து வெட்டியது. திரையில் ஒன்பது கட்டங்கள், ஒன்பது முகங்கள். மேலாளரின் குரல் கேட்கிறது: "இந்த மாதத்தோடு உங்கள் குழு கலைக்கப்படுகிறது." நடுவரிசையில் இடது கட்டத்தில் இருப்பவரின் உதட்டோரம் ஒரு பக்கமாக மேலேறி நிற்கிறது. பிறகு இறங்குகிறது. அவ்வளவுதான்.

அந்தக் குழுவில் ஐந்து பேர். நால்வருக்கு அடுத்த வேலை என்னவென்று தெரியாத நிலை. உதடு அசைந்தவருக்கு மட்டும் வேறு குழுவில் இடம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. "எங்கள் வேலை போனதைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார்" என்று சக ஊழியர் ஒருவர் புகார் கொடுத்தார். மனிதவளப் பிரிவில் ஆறு பேர் துண்டைப் பார்த்தார்கள். ஆறு பேரும் சிரித்தார் என்றே சொன்னார்கள். புகார் அவருடைய பணிப்பதிவில் ஏறப் போகும் கட்டத்தில் யாரோ ஒருவருக்குத் தயக்கம் வந்து, எனக்குக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தின் கடைசி வரி இது: "இவர் முகத்தில் தெரிவது மகிழ்ச்சியா, ஏளனமா என்று உங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்."

காணொளியில் உள்ள முகங்களை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, எந்தத் தசை எப்போது, எவ்வளவு அசைந்தது என்று எழுதி வைப்பது என் தொழில். இதற்கு நாங்கள் பயன்படுத்துவது 1978இல் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் வெளியிட்டு, 2002இல் திருத்தப்பட்ட முக அசைவுக் குறியீட்டு முறை. ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் உண்டு. உதட்டோரம் மேல்நோக்கி இழுபட்டால் 12. கன்னம் உயர்ந்து கண்ணோரம் சுருங்கினால் 6. உதடுகள் ஒன்றையொன்று அழுத்தினால் 24. அசைவு எவ்வளவு வலுவானது என்பதை ஏ முதல் இ வரை ஐந்து படிகளில் குறிப்போம். ஏ என்றால் இருக்கிறதா இல்லையா என்னும் அளவு, இ என்றால் உச்சம். மகிழ்ச்சி, கோபம், ஏளனம் போன்ற சொற்களைக் குறியீட்டுத் தாளில் எழுதவே மாட்டோம். அசைவு வேறு, அதற்கு அர்த்தம் சொல்வது வேறு. இந்த வழக்கில் நடந்த தவறுகள் எல்லாமே அந்த இரண்டும் ஒன்றாகிப்போன இடத்தில்தான் தொடங்கின. முதல் தவறு என்னுடையது.

கதை தெரிந்த கண்

கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுத்தான் நான் துண்டைத் திறந்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. முதல் முறை பார்த்தபோதே எனக்கும் அது ஏளனமாகத்தான் தெரிந்தது. புகாரைப் படித்தபின் அந்த முகத்தைப் புகார் இல்லாமல் பார்க்க என்னால் முடியவில்லை. பத்து தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் அந்த உதடு இன்னும் ஏளனமாகத்தான் ஆனது.

சரி, என் கண்ணை இனி நம்ப முடியாது என்று முடிவெடுத்து, என்னோடு வேலை செய்யும் இன்னொரு குறியீட்டாளரிடம் ஒலியை நீக்கிய கோப்பை மட்டும் அனுப்பினேன். யார், எங்கே, என்ன புகார் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது முகங்களையும் குறிக்கச் சொன்னேன்; எந்த முகம் முக்கியம் என்றுகூடக் காட்டவில்லை. அவர் எழுதி அனுப்பியது இது: வலது உதட்டோரம் 12, அளவு பி. இடது உதட்டோரம் 12, அளவு ஏ. கன்னத்தில் 6 இல்லை. மூன்றரை விநாடிக்குப் பின் 24, அளவு பி. தலை சற்றுக் கீழ்நோக்கி. பார்வை கீழே.

என் தாளும் ஏறக்குறைய அதேதான். இருவரும் ஒத்துப்போனதில் எனக்கு நிம்மதி. ஆனால் நாங்கள் ஒத்துப்போனது உதட்டைப் பற்றி மட்டும். உதட்டோரம் ஏறியது என்று இரண்டு பேர் சொன்னால் உதட்டோரம் ஏறியது. அந்த மனிதர் மகிழ்ந்தார் என்று ஆறு பேர் சொன்னால், அவர்கள் ஆறு பேரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்பதுதான் தெரியும். மனிதவளப் பிரிவு இந்த ஒத்த கருத்தைத்தான் தன் பெரிய ஆதாரமாக வைத்திருந்தது. ஆனால் ஆறு பேருக்கும் துண்டைக் காட்டுவதற்கு முன்பே புகாரைச் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் அவர்களிடம் இருந்தது ஆறு சாட்சி அல்ல. ஒரே கதையைக் கேட்ட ஆறு காது.

"மகிழ்ச்சியா, ஏளனமா" என்ற கேள்வியிலும் இதே சிக்கல் இருந்தது. உளவியலாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் 1994இல் விரிவாகக் காட்டிய ஒன்று இது. முகப்படத்தைக் காட்டிவிட்டு ஒரு சிறிய சொற்பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பார்ப்பவர்களிடையே ஒற்றுமை வெகுவாகக் கூடிவிடும். பட்டியலை எடுத்துவிட்டு "உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்" என்றால் அந்த ஒற்றுமை குறைந்துவிடும். கடிதத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட சொற்கள் இரண்டே இரண்டு. பயம், கூச்சம், வேறு நினைப்பு, ஒன்றுமே இல்லை என்று சொல்ல அதில் இடமில்லை.

வெட்டப்பட்ட மூன்று விநாடி

துண்டின் முதல் ஃபிரேமிலேயே உதடு ஏறித்தான் இருந்தது. இதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. செய்தியைக் கேட்டுச் சிரித்திருந்தால் சாதாரண முகம் சிரிப்பாக மாறுவது துண்டுக்குள் தெரிய வேண்டும். அது தெரியவில்லை. முழுப்பதிவையும் கேட்டு வாங்கினேன். 42 நிமிடம்.

வெட்டிய துண்டு பதிவின் 21 நிமிடம் 8 விநாடியில் தொடங்குகிறது, மேலாளர் அந்த வாக்கியத்தைத் தொடங்கும் இடம் அது. ஆனால் உதட்டோரம் ஏறத் தொடங்கியது 21 நிமிடம் 5 விநாடி தாண்டியவுடன். அதாவது வாக்கியம் வருவதற்கு ஏறத்தாழ இரண்டரை விநாடி முன்னால். நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும் என்பதும் இங்கே முக்கியம். "இந்த மாதத்தோடு உங்கள் குழு" என்பதுவரை கேட்டவருக்கு, விரிவாக்கப்படுகிறதா, மாற்றப்படுகிறதா, கலைக்கப்படுகிறதா என்று தெரியாது. "கலைக்கப்படுகிறது" என்ற சொல் முடிவது 21 நிமிடம் 11 விநாடியில். உதடு அதற்கு ஐந்து விநாடிக்கும் மேல் முன்னதாகவே அசைந்துவிட்டது.

இணையவழிக் கூட்டங்களில் ஒலி, ஒளித் தாமதம் உண்டே, அதனால் இந்தக் கணக்கு மாறாதா என்று கேட்கலாம். தாமதம் எந்தப் பக்கம் தள்ளும் என்று பார்க்க வேண்டும். மேலாளரின் குரல் இவரை அடைய ஒரு தாமதம். இவர் முகம் பதிவுக்குப் போய்ச் சேர இன்னொரு தாமதம். ஆகவே பதிவில் ஒருவருடைய எதிர்வினை உண்மையில் நடந்ததைவிடப் பிந்தித்தான் தெரியும், முந்தித் தெரியாது. இங்கே முந்தித் தெரிகிறது. தாமதத்தைக் கணக்கில் எடுத்தால் இடைவெளி இன்னும் பெரிதாகுமே தவிரக் குறையாது. குரலும் முகமும் வேறு வேறு ஓடையில் போவதால் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கும்தான். ஆனால் அவை ஐந்து விநாடியை விழுங்கும் அளவுக்குப் பெரியவை அல்ல.

அப்படியானால் 21 நிமிடம் 5 விநாடியில் என்ன நடந்தது? ஒலியோடு ஓட்டிக் கேட்டேன். யாரோ மைக்கை அணைக்க மறந்திருக்கிறார்கள். ஒரு குழந்தையின் குரல் நடுவில் நுழைகிறது. அடுத்த ஒரு விநாடிக்குள் ஒன்பது கட்டங்களில் மூன்றில் உதடு அசைகிறது. அவற்றில் ஒன்றுதான் நம் ஊழியருடையது. மற்ற இருவரின் முகம் வாக்கியம் தொடங்குமுன் இயல்புக்குத் திரும்பிவிட்டது. இவருடைய உதடு இறங்க நேரமெடுத்தது. அதற்குள் செய்தி வந்து விழுந்துவிட்டது. செய்தி முடிந்த அரை விநாடியில் உதடுகள் அழுந்துகின்றன, அதுதான் அந்த 24.

இந்த மூன்று விநாடியை வெட்டியவர் கெட்ட எண்ணத்தில் வெட்டவில்லை. "சம்பந்தப்பட்ட இடத்தை மட்டும் அனுப்புங்கள்" என்றார்கள். மேலாளர் வாக்கியம் தொடங்கும் இடத்தில் கத்தரித்தார். ஆனால் அந்த வெட்டு ஒரு காரணத்தைத் தூக்கியெறிந்துவிட்டு வேறொரு காரணத்தை அதே இடத்தில் வைத்துவிட்டது. சோவியத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறாண்டுக்கு முன் செய்து காட்டியதாகச் சொல்லப்படும் சோதனை இதுதானே: ஒரே நடிகரின் ஒரே முகம், அதற்கு முன்னால் ஒட்டப்படும் காட்சி மாறினால் முகத்தின் உணர்ச்சியும் மாறியதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். காணொளி என்றால் நிழற்படத்தைவிட நம்பகமானது என்று நாம் நினைக்கிறோம், அசைவும் ஒலியும் இருப்பதால். ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற தேர்வு ஒவ்வொரு துண்டிலும் இருக்கிறது, அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இத்தனை சொன்னபிறகும், இது அவர் ஏளனம் செய்யவில்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது. தனக்கு வேறு இடம் உறுதியானபோதே குழு கலையப் போவது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அந்த வாக்கியத்தை எதிர்பார்த்தே உதடு அசைந்திருக்கலாம். நேரக்கணக்கு சொல்வது, "செய்தியைக் கேட்டுச் சிரித்தார்" என்ற வாக்கியம் பொருந்தவில்லை என்பதை மட்டும்தான்.

ஒரு கோப்பையில் வரைந்த கோடு

அடுத்து, உதடு உண்மையிலேயே எவ்வளவு ஏறியது என்ற கேள்வி. பதிவு 1280 × 720 பிக்சல். ஒன்பது கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு அகலம் சுமார் 426 பிக்சல். அதில் அவர் முகத்தின் அகலம் சுமார் 90, வாயின் அகலம் சுமார் 35. இந்த அளவில் 12, பி என்பது உதட்டோரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் நகர்வு. போதாததற்கு, காணொளியைச் சுருக்கும் முறை படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, மாற்றம் குறைவான சதுரங்களை அப்படியே பழையபடி விட்டுவிடும். கோப்பு விநாடிக்கு 25 ஃபிரேம் என்று காட்டினாலும், இந்தக் கட்டத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் ஒரே படம் இரண்டு முறை வருவது பல இடங்களில் தெரிந்தது. விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரமே தோன்றும் நுண் முகபாவங்களைப் பற்றிக் காணொளி பார்த்துப் பேசுபவர்கள் முதலில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட பதிவில் அது இருந்தாலும் பிடிபடாது, இல்லாவிட்டாலும் இருப்பதுபோலத் தோன்றலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம் கேமராவின் உயரம். அவருடைய கேமரா பெரிய திரையின் உச்சியில் பொருத்தப்பட்டிருந்தது. திரையைப் படிக்கும்போது தலை தாழ்கிறது. கேமரா அவரை மேலிருந்து பார்க்கிறது. இது உதட்டுக்கு என்ன செய்யும் என்று புரிய, ஒரு கோப்பையை எடுத்து அதன் வெளிப்பக்கத்தில் நேராக, கிடைமட்டமாக ஒரு கோடு போடுங்கள். கண்மட்டத்தில் பிடித்தால் கோடு நேராகத் தெரியும். கோப்பையை உங்கள் கண்ணுக்குக் கீழே இறக்கி மேலிருந்து பாருங்கள்: கோட்டின் நடு தாழ்ந்து, இரு ஓரமும் மேலே வளைந்து, சிரிக்கும் வாய்போல ஆகிவிடும். கண்ணுக்கு மேலே தூக்கிக் கீழிருந்து பார்த்தால் வளைவு தலைகீழாகும்.

முகமும் ஏறக்குறைய ஓர் உருளைதான். வாயின் நடுப்பகுதி முன்னால் துருத்தியிருக்கிறது, ஓரங்கள் பின்னால் வளைந்து போகின்றன. தலை குனிந்தால், ஒரு தசைகூட அசையாமல், உதட்டோரம் ஏறியதுபோலத் தெரியும். ஜப்பானிய நோ நாடகத்தின் மர முகமூடியை வெவ்வேறு கோணத்தில் சாய்த்துக் காட்டி 2000இல் ஓர் ஆய்வுக் குழு இதைச் சோதித்திருக்கிறது. மரத்தில் செதுக்கிய வாய் அசைய வழியே இல்லை, ஆனாலும் சாய்வு மாறினால் முகபாவம் மாறியதாகவே பார்ப்பவர்கள் சொன்னார்கள்.

நம் பதிவில் இதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. எந்தச் செய்தியும் இல்லாத, மேலாளர் அட்டவணை வாசித்துக்கொண்டிருந்த ஒரு நேரத்தில் அவர் குனிந்து எதையோ படிக்கிறார். அந்த ஒரு ஃபிரேமை எடுத்து, எதற்கென்று சொல்லாமல், என் சக குறியீட்டாளருக்கு அனுப்பினேன். "12, ஏ?" என்று கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. ஆக, 21ஆம் நிமிடத்தில் நாங்கள் 'பி' என்று எழுதியதில் ஒரு பங்கு தசையின் அசைவு, ஒரு பங்கு குனிந்த தலை. எது எவ்வளவு என்று பிரிக்கும் அளவுக்குப் பிக்சல் இல்லை.

அவருடைய வழக்கமான முகம்

ஏளனம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. ஒரு பக்க உதட்டோரம் மட்டும் இறுகி ஏறுவது ஏளனத்தின் அடையாளம் என்று எக்மன் வழிவந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது இப்போது பொதுவழக்காகவே பரவிவிட்டது. புகாரிலும் "ஒரு பக்கமாகச் சிரித்தார்" என்ற சொற்கள்தான் இருந்தன.

அதனால் 42 நிமிடத்தையும் உட்கார்ந்து பார்த்து, அதே அசைவு, அதாவது வலது ஓரம் கூடுதலாக ஏறி, கன்னம் அசையாமல் இருப்பது, எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன். இதற்கு ஒன்றரை நாள் ஆனது. 14 முறை. அவற்றில் ஒன்பது முறை, அவர் மைக்கைத் திறந்து பேசத் தொடங்குவதற்கு முந்திய இரண்டு விநாடிக்குள். ஒருமுறை இணைப்புத் துண்டிக்கப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கும்போது. ஒருமுறை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதபோது. எல்லோரும் வாய்விட்டுச் சிரித்த ஒரு தருணத்திலும் அவருக்கு வலது ஓரம்தான் கூடுதலாக ஏறியது. ஒரு பக்கச் சிரிப்பு அவருடைய முகத்தின் அமைப்பு. பதினான்கில் ஒன்றை மட்டும் தனியே எடுத்தால் அது ஒரு சம்பவமாகத் தெரிகிறது. பதினான்கையும் சேர்த்துப் பார்த்தால் பழக்கமாகத் தெரிகிறது. துண்டு மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

இந்த இடத்தில் நான் இன்னொரு பள்ளத்தில் விழப் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். கீழே போகும் பார்வை, தாழும் தலை, கண்ணை எட்டாத சிரிப்பு, அதை அடக்குவதுபோல அழுந்தும் உதடு. இந்த நான்கும் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. டேக்கர் கெல்ட்னர் 1995இல் கூச்சத்தின் முகபாவம் என்று விவரித்தது ஏறத்தாழ இதுதான். 'ஆகா, ஏளனமல்ல, கூச்சம். மற்றவர் வேலை போகும்போது தனக்கு மட்டும் இடம் இருக்கிறதே என்ற சங்கடம்' என்று அறிக்கையில் ஒரு பத்தியே எழுதிவிட்டேன். அழகாகப் பொருந்தியது. அவருக்குச் சாதகமாகவும் இருந்தது.

மறுநாள் அந்தப் பத்தியை அழித்தேன். புகார் கொடுத்தவர் என்ன செய்தாரோ அதையேதான் நானும் செய்திருந்தேன். நூலறிவு கொஞ்சம் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். கூச்சப்படும்போது சிலருக்கு அந்த அசைவுகள் வரும் என்பது உண்மை. அதைத் திருப்பிப்போட்டு, அந்த அசைவுகள் வந்தால் கூச்சம் என்று சொல்ல முடியாது. லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் நான்கு ஆய்வாளர்களும் 2019இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து எழுதியதன் சாரமும் இதுதான். கோபத்தில் இருப்பவர்கள் புருவத்தைச் சுளிப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு நேரம்தான். மற்ற நேரங்களில் அவர்கள் முகம் வேறு எதையோ செய்கிறது. கோபமே இல்லாமல், கூர்ந்து யோசிக்கும்போதும் வெளிச்சம் கூசும்போதும் புருவம் சுளிகிறது. இரு பக்கமும் கதவு திறந்திருக்கிறது.

சிரிப்பின் கதை இன்னும் பழையது. 1924இல் கார்னி லாண்டிஸ் என்ற உளவியல் மாணவர், ஆட்களின் முகத்தில் கரிக்கோடுகள் போட்டு, அவர்களைப் பலவகை அனுபவங்களுக்கு உட்படுத்திப் படமெடுத்தார். உயிருள்ள எலியின் தலையை வெட்டச் சொன்னதும் அவற்றில் ஒன்று. இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு முகம் கிடைக்கும் என்று தேடிப் போனவருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அருவருப்பான, வேதனையான நேரங்களிலும் அடிக்கடி வந்து நின்றது சிரிப்புதான்.

கேட்டபோது அவர் சொன்னது

இத்தனை நாளும் அந்த ஊழியரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் வற்புறுத்தலின் பேரில் கேட்டார்கள். அவருக்கு அப்படி ஓர் அசைவு நடந்ததே தெரியாது. குழந்தையின் குரல் நினைவில் இல்லை. நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று: தன் வேலைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று அடுத்து தன்னைத்தான் கேட்பார்களோ என்ற பதற்றம்.

இதையும் நான் இறுதி உண்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரத்துக்கு முந்திய சில விநாடிகளை யாராலும் அப்படியே மீட்க முடியாது. தன்மேல் புகார் இருப்பது தெரிந்தபின் நினைவு வேறு மாதிரியும் அடுக்கிக்கொள்ளும். ஆனாலும் ஒருவருக்குள் நடந்ததைப் பற்றி இந்த வழக்கில் கிடைத்த ஒரே நேரடிச் சாட்சியம் அதுதான். காணொளியில் அப்படி ஒன்றுகூட இல்லை.

அறிக்கையை முன்வைத்த அன்று ஆறு பேரில் ஒருவர், "நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் நான் என் கண்ணால் பார்த்தேன், அந்த முகத்தில் ஏளனம் இருந்தது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நான் டென்னிஸ் ஆட்ட ஆய்வைச் சொன்னேன். ஹிலெல் அவியேசர், யாகோவ் ட்ரோப், அலெக்சாண்டர் டோடரோவ் மூவரும் 2012இல் வெளியிட்டது. கடுமையான புள்ளியை வென்ற, அல்லது இழந்த அந்தக் கணத்தில் எடுத்த வீரர்களின் படங்கள். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டினால் யார் வென்றவர், யார் தோற்றவர் என்று பார்ப்பவர்களால் பிரிக்க முடியவில்லை. முகத்தை மறைத்து உடலை மட்டும் காட்டினால் சரியாகப் பிரித்தார்கள். தோற்றவரின் முகத்தை வென்றவரின் உடலில் ஒட்டினால், அந்த முகமே வெற்றி முகமாகத் தெரிந்தது. முழுப்படத்தைப் பார்த்தவர்களுக்கோ, விடையைத் தந்தது முகம்தான் என்ற நம்பிக்கை. உடலிலிருந்து வந்த தகவல் அவர்கள் அறியாமலே முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

நம் கட்டத்தில் உடலும் இல்லை. தோளுக்கு மேலேதான் தெரிகிறது. கை எங்கே இருந்தது, கால் என்ன செய்தது, திரையில் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், ஒன்றும் தெரியாது. அந்தக் காலி இடத்தை நிரப்பியது புகார்க் கடிதம். "என் கண்ணால் பார்த்தேன்" என்றவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வெட்டப்படாத பதிவை ஒலியில்லாமல் ஒருமுறை போடச் சொன்னார். பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மனம் மாறித்தான் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்து நான் சொல்லவும் போவதில்லை.

நான் கொடுத்த அறிக்கையின் முடிவுரை ஐந்தே வரி. "21 நிமிடம் 5 விநாடி தாண்டியவுடன் உதட்டோரங்கள் சிறிதளவு உயர்கின்றன, வலப்பக்கம் கூடுதலாக. இது குழு கலைக்கப்படும் செய்திக்கு முன் தொடங்குகிறது. இதே அசைவு இந்தப் பதிவில் வேறு 13 இடங்களில் காணப்படுகிறது. அசைவின் ஒரு பகுதி கேமராக் கோணத்தால் வந்திருக்கலாம். இந்தப் பதிவிலிருந்து இவர் என்ன உணர்ந்தார் என்று கூற முடியாது." மகிழ்ச்சியா, ஏளனமா என்ற கேள்விக்கு நேராக நான் எதையும் எழுதவில்லை. புகார் பணிப்பதிவில் ஏறவில்லை. புகார் கொடுத்தவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசினார். அவருக்கு உண்மையில் கேட்க வேண்டியிருந்தது, அவர்கள் நால்வருக்கும் முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்பதுதான். அதற்கும் அந்த உதட்டுக்கும் தொடர்பில்லை.

அதன்பின் என் வேலைமுறையில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். கோப்பை அனுப்புபவர்களிடம், வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு நிமிடம் சேர்த்து, கூடவே அதே நபர் சாதாரணமாக இருக்கும் பத்து நிமிடமும் வேண்டும் என்று கேட்கிறேன். கடிதத்தை நான் திறப்பதில்லை. கோப்பு முதலில் என் சக குறியீட்டாளருக்குப் போகிறது, ஒலி நீக்கி. என் தாளும் அவர் தாளும் முடிந்து தேதியிட்ட பிறகே உறையைப் பிரிக்கிறோம். போன வாரம் வந்த கோப்பில் உறைக்கு வெளியிலேயே "பொய் சொல்லும் காணொளி" என்று எழுதியிருந்தது. அதை இன்னொரு குறியீட்டாளருக்கு மாற்றிவிட்டேன்.